மலைச்சரிவில் ஒரு ரசமட்டம்

ஜவ்வாது மலையிலிருந்து போளூரில் இருக்கும் என் ஸ்டுடியோவுக்குப் பிரிண்ட் போட வரும் போன் படங்களில் ஒரே குறை திரும்பத் திரும்ப வரும். தரை நேராக இருக்கும், ஆட்கள் சாய்ந்திருப்பார்கள். கீழ்நாட்டிலிருந்து வரும் படங்களில் இது குறைவு. ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துப் படமென்றால், யார் எடுத்தது என்று கேட்காமலே பாதிப் படங்களில் இதை எதிர்பார்க்கலாம்.

காரணம் மலைதான். வீட்டு வாசல் சரிவு, களம் சரிவு, கொல்லை சரிவு. அங்கேயே பிறந்து நடக்கும் கண்ணுக்கு அந்தச் சரிவு சரிவாகவே தெரியாது. போனைத் தூக்கியதும் படத்தின் அடிவிளிம்பைத் தரைக்கு ஒட்டினாற்போலக் கை தானாகவே திருப்பிக்கொள்ளும். எடுப்பவரும் ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் வைத்துத்தானே நிற்கிறார்! முடிவில் சரிந்த தரை சமதரையாகி, நேராக நின்ற மனிதர்கள் மேட்டுப் பக்கமாகச் சாய்ந்துவிடுவார்கள்.

ஒரு குடும்பப் படத்தை வைத்தே இதைச் சொல்கிறேன். கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கொண்டுவந்தது. அவன் ஆயா, அப்பா, அம்மா, பெரியப்பா, அத்தை என்று வரிசையாக வாசலில் நிற்கிறார்கள். பின்னால் பள்ளத்தாக்கு, அதற்கு மேலே வானம். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் பெரிதாகப் போட்டுச் சட்டம் மாட்டித் தர வேண்டும் என்றான்.

"ஏண்ணா எல்லாரும் சாஞ்சிக்கினு நிக்கறாங்க? எடுக்கும்போது நேராத்தான் இருந்தாங்க" என்று அவனே கேட்டான்.

கம்ப்யூட்டரில் போட்டுத் திருப்பிப் பார்த்தேன். ஆட்கள் நிமிர ஐந்து டிகிரி திருப்ப வேண்டியிருந்தது. ஐந்து டிகிரி என்றால் சொற்பம்போலத் தோன்றும். ஆனால் திருப்பிய படத்தின் நான்கு மூலையிலும் வெற்றிடம் வந்துவிடும். அதை வெட்டி மறுபடி பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தால் அகலத்திலும் உயரத்திலும் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. மொத்தப் பரப்பில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. அதற்கு மேல், போன் படம் நாலுக்கு மூன்று என்ற வடிவத்தில் இருக்கிறது, பன்னிரண்டுக்குப் பதினெட்டு மூன்றுக்கு இரண்டு. அந்த வடிவத்துக்கு வெட்டும்போது உயரத்தில் இன்னும் ஒன்பதில் ஒரு பங்கு போகும். வரிசையின் ஓரத்தில் நின்றவர் ஆயா. அவருடைய தோளும் கையும் வெட்டுக்குள் வந்தன. ஓரத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்களாகவோ குழந்தைகளாகவோதான் இருக்கிறார்கள் என்பதைப் பல படங்களில் பார்த்துவிட்டேன். "அப்புறமா நேராக்கிக்கலாம்" என்பதற்கு அவர்கள்தான் விலை கொடுக்கிறார்கள்.

அடுத்த வாரம் மேலே ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. அவன் வீட்டு வாசலிலேயே மறுபடி எடுக்கச் சொன்னேன். படம் அவன்தான் எடுத்தான், அவன் போனில்தான்.

முதலில் போனில் இரண்டு வசதிகளைத் திறந்தோம். கேமராவின் செட்டிங்ஸில் Grid lines என்று இருப்பதைப் போட்டால் திரையில் இரண்டு குறுக்குக் கோடும் இரண்டு நெடுக்குக் கோடும் வந்து ஒன்பது கட்டங்களாகப் பிரியும். பிரிண்டில் அவை வராது. லெவல் கோடு வேறு. சில ஆண்ட்ராய்டு போன்களில் அது கட்டத்தோடு சேர்ந்தே வருகிறது. சிலவற்றில் தனியாகத் திறக்க வேண்டும். விலை குறைந்த சில போன்களில் இருப்பதே இல்லை. ஐபோனில் 2023-இல் வந்த ஐஓஎஸ் 17 முதல் Settings, Camera என்று போனால் Level என்று தனி ஸ்விட்ச் இருக்கிறது. போன் சற்றே சாய்ந்திருந்தால் திரையின் நடுவில் உடைந்த கோடு தெரியும். நேரானதும் துண்டுகள் சேர்ந்து ஒரே கோடாகி நிறம் மாறும். நிறமும் தோற்றமும் போனுக்குப் போன் கொஞ்சம் மாறலாம். வேலை எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

கொத்தனார் சுவர்மேல் வைக்கும் ரசமட்டம் செய்வதைத்தான் அந்தக் கோடும் செய்கிறது. தரை எப்படி இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. போனுக்குள் இருக்கும் சின்ன உணரி, பூமி எந்தத் திசையில் இழுக்கிறது என்பதை மட்டும் அளக்கிறது. அதனால்தான் மலையில் நம் கண்ணைவிட அதை நம்பலாம். ஆனால் போன் அசையாமல் இருக்கும்போது மட்டும்தான். போளூரிலிருந்து ஏறும் பஸ்ஸில் உட்கார்ந்தபடி கொண்டை ஊசி வளைவில் ஜன்னலுக்கு வெளியே படம் எடுத்தால், வளைவின் தள்ளுதலும் பூமியின் இழுப்பும் அந்த உணரிக்கு ஒன்றாகக் கலந்துவிடும். கோடு "நேர்" என்று காட்டும், படம் கோணலாக வரும். வண்டியை நிறுத்தி இறங்கி எடுப்பதுதான் வழி.

தம்பி லெவல் கோட்டைச் சேர்த்துப் பிடித்ததும் அவன் முகம் மாறியது. "இது சாஞ்சாப்பல இருக்குதேண்ணா" என்றான். கை பழைய கோணத்துக்கே போகப் பார்த்தது. இது எல்லோருக்கும் நடப்பதுதான். அந்த நேரத்தில் பார்க்க வேண்டியது தரையை அல்ல, அவன் வீட்டு நிலைப்படியை. புதிதாகக் கட்டிய வீடு, தூக்குக்குண்டு பிடித்து நிறுத்திய நிலை. கட்டத்தின் நெடுக்குக் கோட்டுக்குப் பக்கத்தில் அந்த நிலையைக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக நின்றன. அதன் பிறகுதான் அவன் கோட்டை நம்பினான். லெவல் கோடு இல்லாத போனில் இப்படி நெடுக்குக் கோட்டை மட்டும் வைத்தே வேலையை முடிக்கலாம். எதை நம்பி இணை வைக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். புது வீட்டு நிலையும் ஜன்னலும் நம்பத் தகுந்தவை. பழைய மண்வீட்டுக் கம்பத்தையும் மழையில் அடி இளகிய கரண்ட் கம்பத்தையும் நான் நம்புவதில்லை. சில்வர் ஓக் போன்ற மரங்கள் சரிவிலும் வானத்தைப் பார்த்தே வளரும் என்பதால் நாலைந்து மரங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஓரளவுக்குச் சொல்லும்.

இன்னொன்று, படத்தைத் தட்டும் தருணம். ஒற்றைக் கையில் போனைப் பிடித்துக் கட்டைவிரலால் திரையை அழுத்தும்போது அந்தப் பக்கம் கொஞ்சம் தாழும். அதுவரை சரியாக இருந்த மட்டம் அந்த ஒரு நொடியில் கெடும். இரண்டு கையாலும் பிடித்து, பக்கவாட்டில் இருக்கும் ஒலி கூட்டும் பொத்தானை அழுத்தச் சொன்னேன். பெரும்பாலான போன்களில் அதுவும் படம் எடுக்கும்.

கோமுட்டேரிக்குப் போகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. தண்ணீர்தான் இருப்பதிலேயே நேர்மட்டம், அதனால் ஏரியின் எதிர்க்கரையைக் குறுக்குக் கோட்டோடு ஒட்டினால் போதும் என்று நினைக்கத் தோன்றும். கடற்கரையில் அது சரி. அடிவானம் எல்லாப் பக்கமும் ஒரே தூரத்தில் இருக்கிறது. சின்ன ஏரியில் எதிர்க்கரை ஒரு பக்கம் கிட்டத்திலும் மறுபக்கம் எட்டத்திலும் இருக்கும். கிட்டத்துக் கரை படத்தில் தாழ்வாகவும் எட்டத்துக் கரை உயரமாகவும் விழும். அதாவது போன் நேராக இருந்தாலும் கரை சாய்வாகத்தான் தெரிய வேண்டும். அதைப் பிடித்து நேராக்கினால் படகில் இருப்பவர்கள் சாய்வார்கள். ஏரியில் நம்பக்கூடியது பிம்பம். கரையோரத்து மரமோ கம்பமோ தண்ணீரில் தெரியும்போது, அதன் உச்சியும் பிம்பத்தின் உச்சியும் ஒரே நெடுக்குக் கோட்டில் அமைய வேண்டும். அமைந்தால் படம் நேர்.

லெவல் கோட்டுக்கு ஒரு எல்லை உண்டு. போன் இடம் வலமாகச் சாய்வதை மட்டும் அது சொல்லும். முன்னும் பின்னும் சாய்வதைச் சொல்லாது. காவலூர் வானாய்வகத்தில் 1986-இல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கியின் கட்டிடத்தைக் கிட்டத்தில் நின்று எடுப்பவர்கள் மேலிருக்கும் வெள்ளைக் குவிமாடம் வரவேண்டுமே என்று போனை அண்ணாந்து பிடிப்பார்கள். லெவல் கோடு சரியாகவே இருக்கும். ஆனாலும் கட்டிடம் மேலே போகப்போகக் குறுகி, பின்னால் விழப்போவதுபோல வரும். இதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் நெடுக்குக் கோடுகள் இரண்டு இருக்கின்றன. கட்டிடத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் அந்தக் கோடுகளிலிருந்து உள்பக்கமாக ஒதுங்குகின்றனவா என்று பாருங்கள். ஒதுங்கினால் பின்னால் நகர்ந்து, போனைச் செங்குத்தாகப் பிடித்து, உச்சி தானாகப் படத்துக்குள் வரும் தூரத்தில் நிற்க வேண்டும். கீழே தரை அதிகமாக வரும், அதை வெட்டிக்கொள்ளலாம். ஆட்களை எடுக்கும்போதும் இதே கதைதான். உயரமானவர் தன் முகத்துக்கு நேரே போனை வைத்துக் கீழ்நோக்கிச் சாய்த்தால் எதிரில் நிற்பவர்களின் கால் குட்டையாகிவிடும். போனை நெஞ்சுக்கு இறக்கினால் போதும்.

கட்டத்தை வைத்து மூன்றில் ஒரு பங்கு விதி என்று ஒன்று சொல்வார்கள். முக்கியமானதைக் கோடுகள் சந்திக்கும் புள்ளியில் வை என்பது அது. அதற்கு நான் பெரிய முக்கியத்துவம் தருவதில்லை. குடும்பப் படத்துக்கு அதிலிருந்து ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வேன்: மேல் குறுக்குக் கோட்டில் கண்கள். போனில் எடுப்பவர்கள் முகத்தை நட்ட நடுவில் வைப்பதால் தலைக்கு மேல் பாதிப் படம் வானமாகப் போகிறது, கீழே பாதம் வெட்டுப்படுகிறது. கண்களை மேல் கோட்டுக்கு ஏற்றினால் இரண்டும் ஒருசேரத் தீரும். தம்பி அப்படித்தான் வைத்தான். ஆயாவை வரிசையின் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்து நாற்காலி போட்டோம். சட்டத்துக்கு வெட்டும் அளவை நினைத்து இரண்டு பக்கமும், மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டோம்.

இனி முகம் கறுத்துப் போகும் சங்கதி. முதல் படத்தில் சாய்வைவிட என்னை உறுத்தியது அதுதான். பின்னால் பளீரென்ற வானம், முன்னால் நிழல் விழுந்த முகங்கள். போனுக்கு விட்டுவிட்டால் மொத்தப் படத்துக்கும் சேர்த்து ஒரு சராசரி வெளிச்சத்தைக் கணக்குப் போடும். வானம் பெரிதாக இருப்பதால் கணக்கு வானத்தின் பக்கம் சாய்ந்து முகங்கள் இருண்டுவிடும். திரையில் ஓரிடத்தைத் தொட்டால் அந்த இடத்துக்கு முதலிடம் கொடு என்று போனுக்குச் சொல்கிறோம். தொடுவது போகஸுக்கு மட்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இன்றைய போன்களின் வழக்கமான லென்ஸில் மூன்று மீட்டர் தூரத்தில் நிற்கும் கூட்டத்துக்கு போகஸ் பெரும் சிக்கலே இல்லை. ஏறக்குறைய ஒன்றரை மீட்டரிலிருந்து எதிர் மலை வரை தெளிவாகவே விழும். அந்தத் தூரத்தில் தொடுவது வெளிச்சத்துக்காகத்தான்.

எனவே எங்கே தொடுவது என்பது முக்கியம். தம்பி முதலில் அப்பாவின் வெள்ளை வேட்டியைத் தொட்டான். தொட்ட இடத்தை நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரத்தான் போன் பார்க்கும். வெள்ளையைத் தொட்டால் அதைச் சாம்பலாக்க முயன்று எல்லாவற்றையும் இருட்டாக்கும். கறுத்த தலைமுடியைத் தொட்டால் எல்லாம் வெளிறும். கன்னத்தைத் தொடு என்றேன். ஆயாவின் கன்னத்தைத் தொட்டதும் முகங்கள் எல்லாம் தெளிந்தன, வானம் வெள்ளைத் தாளானது. தொட்ட கட்டத்துக்குப் பக்கத்தில் சூரியன் படம் ஒன்று வரும். அதைக் கீழே கொஞ்சம் இழுத்தால் வெளிச்சம் குறையும். மேகத்தின் ஓரம் மெல்லத் திரும்பித் தெரியும் வரை இழுத்தோம். அதற்கு மேல் இழுத்தால் முகம் மறுபடி மங்கியது. இவ்வளவுக்கும் மேலே போனால் ஒரே வழி இடம் மாறுவது. எல்லோரையும் வீட்டுக் கூரை நிழலுக்குள் நகர்த்தி, வெட்டவெளியைப் பார்த்து நிற்கச் சொல்லி இன்னொன்று எடுத்தான். சட்டத்துக்குப் போனது இரண்டாவது படம். பள்ளத்தாக்கு அதில் இல்லை. ஆயாவின் முகச் சுருக்கம் ஒவ்வொன்றும் இருந்தது.

தொட்டபின் தாமதித்தால் போன் தன் கணக்குக்கே திரும்பிவிடும்; காட்சியில் யாராவது அசைந்தாலும் திரும்பும். ஆளுக்கு ஆள் சரிசெய்து நிறுத்தவேண்டிய படத்துக்குத் தொட்ட விரலை எடுக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஐபோனில் AE/AF LOCK என்று மேலே வரும், மற்றவற்றில் பூட்டுப் படம் வரும். வேலை முடிந்ததும் வேறிடத்தில் தட்டி அதை விடுவிக்க மறக்கக் கூடாது. நிழலில் பூட்டியதோடு வெயிலுக்கு வந்து எடுத்தால் எல்லாம் வெளுத்துப்போகும். முன்பக்கக் கேமராவின் போகஸ் பல போன்களில் அசையாதது. அதில் எங்கே தொட்டாலும் மாறுவது வெளிச்சம் மட்டுமே.

தூரம் குறையும்போது கதை தலைகீழாகும். தம்பியின் அத்தை சாமையும் தேனும் விற்கிறார். கீழே இருக்கும் வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸாப்பில் படம் அனுப்புவார். உள்ளங்கையில் சாமையை அள்ளி எடுத்த படத்தைக் காட்டினார். பின்னால் இருந்த புடவைப் பூ துல்லியமாக இருந்தது, சாமை குழம்பிப் போயிருந்தது. ஒரு சாண் தூரத்துக்குள் வந்துவிட்டால் தெளிவாக விழும் ஆழம் ஓரிரண்டு சென்டிமீட்டர்தான். இங்கே தொடுவது உண்மையிலேயே போகஸுக்காக. குவியலில் நமக்குக் கிட்டே இருக்கும் மணிகளைத் தொட வேண்டும். தொட்டும் தெளியாமல் கட்டம் இரண்டு முறை துடித்து நின்றுவிட்டால் லென்ஸின் எல்லையைத் தாண்டிக் கிட்டே போய்விட்டோம் என்று பொருள். ஒன்றரைச் சாண் தூரத்துக்குப் பின்னால் வந்து, திரையில் 2x தட்டி, மறுபடி மணிகளைத் தொட்டதும் சாமையின் ஒவ்வொரு மணியும் பிரிந்து தெரிந்தது. தேன் பாட்டிலில் கண்ணாடியின் மினுமினுப்பைத் தொட்டால் போன் பிரதிபலிப்பில் போய் நிற்கும். லேபிளின் எழுத்தைத் தொட்டால் பிடித்துக்கொள்ளும். எழுத்தின் கறுப்பு வெள்ளை விளிம்பு அதற்கு நல்ல பிடிமானம்.

கட்டம், லெவல் கோடு, தொடுதல் மூன்றும் ஒன்றாகத் தேவைப்படும் வேலை ஒன்று இந்த மலையைச் சுற்றி உண்டு. நடுகல்லைப் படம் எடுப்பது. மலையின் தெற்கு அடிவாரத்தில் இருக்கும் செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் நூலாகவே வெளியிட்டது. இன்றும் வயல் வரப்பில் ஒரு கல்லைப் பார்த்ததும் பிள்ளைகள் போனில் எடுத்து ஆசிரியருக்கு அனுப்புகிறார்கள். பல கற்கள் மண்ணில் சாய்ந்து நிற்கும். அவற்றை நேராக்கிக் காட்ட வேண்டும் என்று போனைச் சாய்த்துவிடுகிறார்கள். அப்படி எடுத்தால் கல் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற தகவல் போய்விடும். லெவல் கோட்டைச் சேர்த்துப் பிடியுங்கள், கல் அதன் பாட்டுக்குச் சாய்ந்திருக்கட்டும். அடுத்த ஆண்டு அதே இடத்தில் எடுத்தால் சாய்வு கூடியிருக்கிறதா என்று நெடுக்குக் கோட்டை வைத்து ஒப்பிட முடியும். பிறகு போனின் பரப்பு கல்லின் முகத்துக்கு இணையாக இருக்கும்படி கல்லின் நடு உயரத்துக்குக் குனிந்து இன்னொரு படம். எழுத்தின் அளவு கெடாமல் இருக்க இது தேவை. பக்கத்தில் ஒரு அளவுகோலையோ, இல்லாவிட்டால் தீப்பெட்டியையோ வைத்துவிடுங்கள்.

எழுத்துக்கு வெயில் பக்கவாட்டில் விழ வேண்டும். காலையோ மாலையோ போக வேண்டும். உச்சி வெயிலில் வெட்டெழுத்து தட்டையாகிவிடும். தொடுவது வெயில் பட்ட கல்லின் பரப்பில். பள்ளத்து நிழலைத் தொட்டால் போன் அந்த நிழலுக்கு வெளிச்சம் கூட்டி, எழுத்தைக் காட்டும் கறுப்பையே அழித்துவிடும். எழுத்து தெரியவில்லையே என்று சுண்ணாம்புக்கட்டியால் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது கல்லுக்குக் கேடு, தவறாக ஓட்டிய கோடு பின்னால் படிப்பவரையும் ஏமாற்றும். வெயில் போய்விட்டால் இன்னொருவர் போனின் டார்ச்சைக் கல்லின் ஓரத்திலிருந்து, பரப்பை ஒட்டினாற்போலப் பிடிக்கட்டும். இடப்பக்கமிருந்து ஒன்று, வலப்பக்கமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என்று எடுத்தால், ஒன்றில் மறைந்த எழுத்து இன்னொன்றில் கிடைக்கும்.